800 மீட்டருக்கு 64–64 ஓடுவதா, 63–65 ஓடுவதா?

"கோத்தகிரி பக்கம், பிளஸ் டூ படிக்கிறேன். 400 மீட்டர் 56 செகண்ட். 800 மீட்டர் 2:12. போன மீட்ல முதல் லேப் 59, ரெண்டாவது 73. அடுத்த மாசம் ஊட்டியில மீட் இருக்கு, 2:08 ஓடணும். ரெண்டு லேப்பையும் 64, 64-ன்னு சமமா ஓடணுமா? இல்ல, முதல் லேப்ல வேகமா ஓடி நேரத்தைச் சேர்த்து வெச்சுக்கணுமா?"

தம்பி, 63 – 65 ஓடுங்கள். 200 மீட்டர் கணக்கில் பிரித்தால் 31, 32, 32.8, 32.2. கூட்டினால் சரியாக 2:08. இது ஏன் 64 – 64 இல்லை, ஏன் 59 – 69 இல்லவே இல்லை என்று விளக்குகிறேன். காரணம் தெரிந்தால்தான் துப்பாக்கி வெடித்த பிறகும் திட்டம் கையில் நிற்கும்.

முதலில் "சேர்த்து வைப்பது" பற்றி. போன மீட்டில் 59-இல் முதல் லேப் முடித்தபோது 64 கணக்குக்கு 5 செகண்ட் மிச்சம் பிடித்தீர்கள். இரண்டாவது லேப்பில் அதே 64-ஐ விட 9 செகண்ட் கூடுதலாகச் செலவானது. சேர்த்தது 5, கட்டியது 9. அந்த 4 செகண்ட் வித்தியாசம்தான் 2:08-க்கும் 2:12-க்கும் நடுவில் இருப்பது. உங்கள் உடம்பில் 2:08 இப்போதே இருக்கலாம் என்று நினைக்கிறேன். 400 நேரத்தை இரட்டித்து 12 முதல் 18 செகண்ட் வரை கூட்டினால் 800 நேரம் வரும் என்பது கோச்சுகள் வழக்கமாகப் போடும் கணக்கு. 56-ஐ இரட்டித்தால் 112. 2:08-க்கு அதன்மேல் 16 கூட்ட வேண்டும். அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இது கைக்கணக்குதான், விதி இல்லை. உங்கள் தாங்கும் சக்தி எவ்வளவு என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் நகரும்.

59 ஏன் அவ்வளவு விலை கேட்கிறது? உங்கள் முழு பலத்துக்கு 400 மீட்டர் 56 என்றால், 59 என்பது அந்த வேகத்தில் ஏறக்குறைய 95 சதவீதம். அதாவது ஒரு 400 மீட்டர் பந்தயத்தையே கிட்டத்தட்ட ஓடி முடித்துவிட்டு, இன்னொரு 400-ஐத் தொடங்கினீர்கள். 63 என்றால் அது 89 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. காகிதத்தில் சின்ன வித்தியாசம், காலில் பெரிய வித்தியாசம். 95 சதவீதத்தில் ஓடும்போது உடம்பு வாங்கும் ஆக்சிஜன் போதாமல் தசை தன் கையிருப்பை மளமளவென்று எரிக்கிறது. அந்தக் கையிருப்பு 800 மீட்டர் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பைதான். 350 மீட்டரிலேயே காலி செய்துவிட்டால் 500-இல் தொடை இறுகும், முட்டி தூக்க முடியாது, தோள் காதுக்கு ஏறும். அதற்கப்புறம் எவ்வளவு மனதைரியம் இருந்தாலும் 35, 37 என்றுதான் ஓட முடியும்.

அப்படியானால் முழுக்கச் சமமாக, 64 – 64 ஓடினால் என்ன? வேகத்தை ஏற்றி இறக்காமல் ஓடுவது சக்திச் செலவில் சிக்கனம் என்பது உண்மை. 1500-க்கும் 5000-க்கும் அது நன்றாகவே பொருந்தும். 800-இல் இரண்டு விஷயங்கள் அந்தக் கணக்கைக் கொஞ்சம் சாய்க்கின்றன. ஒன்று, முதல் 8, 10 செகண்டுக்குத் தேவையான சக்தி தசைக்குள்ளேயே தயாராக இருக்கிறது. அதைச் செலவழிப்பதால் பெரிய எரிச்சல் வராது, பின்னால் மிச்சம் வைத்தாலும் தனிப் பலன் இல்லை. இரண்டு, மூச்சும் இதயமும் முழு வேகத்துக்கு வர ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். தொடக்கம் சுறுசுறுப்பாக இருந்தால் அந்த ஏற்றம் சீக்கிரம் நடக்கிறது. தூங்கி வழிந்து தொடங்கினால் தாமதமாகிறது. 800 மீட்டரில் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது என்பதால் இந்தச் சில செகண்டுகளுக்கு மதிப்பு உண்டு. ஆகவே முதல் 60, 70 மீட்டர் தாராளமாக, அதற்கப்புறம் உடனே பந்தய வேகத்துக்கு இறங்குவது. இதுதான் முதல் 200-க்கு 31 என்று போட்டதன் அர்த்தம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் முதல் 200-இல் அரை செகண்டுக்கு மேல் தானாகவே போய்விடும். அப்படியிருந்தும் 31 காட்ட வேண்டுமானால், ஓட்டத்தின் நடுவே உங்கள் உண்மையான வேகம் 30.3, 30.4 கணக்கில் இருக்க வேண்டும். வாட்ச்சில் 31-க்கும் 32-க்கும் ஒரு செகண்ட் வித்தியாசம்தான் தெரியும். காலில் அது ஒன்றரை செகண்ட் வித்தியாசமாக உணரப்படும். 31 முடிந்து 32-க்கு வரும்போது "ரொம்ப மெதுவாகிவிட்டோமோ" என்று பயம் வரும். வரட்டும். அந்த பயத்தில் மறுபடி வேகம் ஏற்றுவதுதான் 59-க்குக் கொண்டுபோகும் வழி.

உலகத் தரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலும் இதே சாயல்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் லேப் 49.28, இரண்டாவது 51.63. வித்தியாசம் 2.35 செகண்ட். இதற்கு மறுபக்கம் 1972 முனிக். டேவ் வாட்டில் ஏறக்குறைய கடைசி ஆளாகக் கிளம்பி, நான்கு 200-களையும் 26-க்கும் 27-க்கும் நடுவிலேயே வைத்துத் தங்கம் வாங்கினார். கடைசியில் அவர் பறந்து வந்ததுபோலத் தெரிந்தது. உண்மையில் அவர் வேகம் கூடவில்லை, மற்றவர்கள் வேகம்தான் செத்துப்போனது. நம் நாட்டு உதாரணம் ஸ்ரீராம் சிங். 1976 மான்ட்ரியால் இறுதிப் போட்டியில் முதல் லேப்பை 50.85-இல் முன்னின்று ஓடினார், 1:45.77-இல் ஏழாவதாக முடித்தார். இரண்டாவது லேப் ஏறக்குறைய 55, அதாவது 4 செகண்ட் சரிவு. அப்படியும் அந்த நேரம் 2018-இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும்வரை 42 வருஷம் தேசிய சாதனையாக நின்றது. அவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கே 4 செகண்ட் சரிவு என்றால், உங்கள் 14 செகண்ட் எவ்வளவு அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது 14 செகண்ட் சரிவு வீண் என்பது. 2, 3 செகண்ட் சரிவு பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வரும் என்பது அனுபவத்தில் நிற்கிற விஷயம். ஆனால் உங்களுக்கு 63 – 65 நல்லதா, 63.5 – 64.5 நல்லதா என்பதை வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாது. 400 பக்கம் சாய்ந்த உடம்புக்கு 3 செகண்ட் வரை சரிவு ஒத்துப்போகும். 1500-உம் கிராஸ் கன்ட்ரியும் நன்றாக ஓடுகிறவருக்குச் சமமான லேப்புகள் சரிப்படும். அதை இரண்டு மூன்று பந்தயங்களின் 200 மீட்டர் நேரங்களை எழுதி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நேரம் எடுப்பதில் மலையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 200 மீட்டர் புள்ளி என்பது பேக் ஸ்ட்ரெயிட் முடிந்து இரண்டாவது வளைவு தொடங்கும் இடம். முதல் லேனில் 200 மீட்டர் பந்தயத்துக்கான ஸ்டார்ட் கோடு இருக்குமே, அதுதான். பினிஷ் கோட்டுக்கு மைதானத்தின் குறுக்கே நேர் எதிர் மூலை. பனி இறங்கினால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை தெரியாது. அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பினிஷ் கோட்டருகே 400-ஐச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் 200 புள்ளியருகே 200-ஐயும் 600-ஐயும் சொல்ல வேண்டும். எதிர் மூலையில் நிற்பவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து வாட்ச்சை அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. குறுக்கே ஏறக்குறைய 110 மீட்டர் இருப்பதால் சத்தம் மூன்றில் ஒரு பங்கு செகண்ட் தாமதமாகத்தான் அவர் காதுக்கு வரும். பனியில் புகை தெரியாமல் சத்தத்துக்கே அழுத்தினால், வாட்ச் காட்டும் நேரத்தோடு 0.3 கூட்டிக்கொள்ளுங்கள். 30.7 என்று கேட்டது உண்மையில் 31.0. முதல் 100 மீட்டரில் நேரம் எடுக்கவே வேண்டாம். முதல் வளைவை அவரவர் லேனில் ஓடுவதால் ஆளாளுக்கு அந்தப் புள்ளி வேறு இடத்தில் இருக்கும்.

பள்ளி மைதானத்தில் பயிற்சி என்றால் இன்னொரு எச்சரிக்கை. நம் பக்கம் சமதரை கிடைப்பதே அரிது. ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாக 200 மீட்டர் புல் மைதானம்தான் பெரும்பாலும். அங்கே அரைச் சுற்று நேரத்தை நம்பாதீர்கள், முழுச் சுற்றை மட்டும் எடுங்கள். வளைவுகள் குறுகலாக இருப்பதால் அதே முயற்சிக்கு நேரம் கூடுதலாகத்தான் வரும். எவ்வளவு கூடுதல் என்று அறிய, அந்த மைதானத்தில் முழு பலத்தோடு ஒரு 400 ஓடி, உங்கள் 56-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 58 வந்தால் 63 லேப்புக்கு அந்த மைதானத்தில் 65 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊட்டியின் உயரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட ஓடுகிற பையன்கள் நிச்சயம் பேசுவார்கள். ஊட்டியும் மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம், சுமார் 2240 மீட்டர். 1968-இல் அங்கே நடந்த ஒலிம்பிக்கில் ரால்ப் டூபெல் 800 மீட்டரை 1:44.3-இல் ஓடி, அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம் 29:27.4 என்று மெதுவாகப் போனது. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் எதிர்க்காற்றுத் தடை குறைகிறது, ஆக்சிஜனும் குறைகிறது. 800-இல் இந்த இரண்டும் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்கின்றன. அதனால் 2:08 இலக்கை உயரத்துக்காகத் தளர்த்த வேண்டியதில்லை. ஆனால் முதல் லேப்பில் தவறு செய்தால் அதன் தண்டனை அங்கே கடுமையாக இருக்கும். மெல்லிய காற்றில் வேகம் லேசாக வரும், அது ஏமாற்றும். மீண்டு வருவதற்கான ஆக்சிஜன் பின்னால் கிடைக்காது. மலையில் 59 ஓடுவது சமவெளியில் 59 ஓடுவதை விட ஆபத்து.

பந்தயத்தில் லேப் கணக்கைக் கெடுக்கும் முதல் இடம் பிரேக் லைன். முதல் வளைவு முடிந்ததும் எல்லோரும் ஒரே பாய்ச்சலில் உள்ளே சாய்வார்கள். நீங்கள் ஆறாவது லேன் என்று வையுங்கள். உள்ளே வர ஏறக்குறைய 6 மீட்டர் அகலம் கடக்க வேண்டும். அதை 20 மீட்டருக்குள் வெட்டி வந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள், கூடவே முட்டி மோதுகிறீர்கள். 84 மீட்டர் நேர்ப்பாதை முழுவதையும் பயன்படுத்தி, அடுத்த வளைவின் தொடக்கத்தைக் குறிவைத்துச் சாய்ந்து வந்தால் கூடுதல் தூரம் கால் மீட்டர்கூட வராது. அவசரமே வேண்டாம். வளைவு தொடங்கும்போது உள்ளே இருந்தால் போதும்.

இரண்டாவது இடம், ஒருவர் தோளுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு வளைவை ஓடுவது. ஒரு மீட்டர் வெளியே ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் 3 மீட்டருக்கு மேல் கூடும், உங்கள் வேகத்தில் ஏறக்குறைய அரை செகண்ட். பிரேக் லைனுக்குப் பிறகு வரும் மூன்று வளைவுகளிலும் அப்படி ஓடினால் 2:08 ஓட வேண்டியவர் 2:09.5 ஓடுவார், அதே உழைப்பில். முந்துவதானால் நேர்ப்பாதையில் முந்துங்கள், இல்லையென்றால் நேர் பின்னால் வாருங்கள்.

மூன்றாவது, வேகமாகக் கிளம்பும் ஆள். பள்ளி மீட்டில் கட்டாயம் ஒருவர் 60-இல் முதல் லேப் முடிப்பார். 63 வேகத்தில் வரும் நீங்கள், அவர் கோட்டைக் கடக்கும்போது 19 மீட்டர் பின்னால் இருப்பீர்கள். மணி அடிக்கும் சத்தம் உங்களுக்கு முன்னாலேயே கேட்கும், கூட்டம் அவர் பெயரைக் கத்தும். அவர் இரண்டாவது லேப்பை 70-இல் ஓடினால், 65-இல் ஓடும் நீங்கள் 640 மீட்டர் சுமாரில் அவரைப் பிடித்துவிடுவீர்கள். அது கடைசி வளைவுக்குள். அங்கே வெளியே போய் முந்தாதீர்கள். வளைவு முடியும்வரை அவர் பின்னால் இருந்து, வெளியே வந்ததும் கடந்து போங்கள். அவர் 66-இல் ஓடினால் நீங்கள் பிடிக்க முடியாது. அவர் 2:06 ஓட்டக்காரர், அன்று உங்கள் பந்தயம் கடிகாரத்தோடுதான்.

இப்போது மூன்றாவது 200, அதாவது 400-இலிருந்து 600 வரை. திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். இங்கே அதே முயற்சியோடு ஓடினால் வேகம் 34-க்கு விழும். 32.8-இல் நிற்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்டுவது போன்ற உணர்வு வர வேண்டும். மணி அடித்ததும் கையை இன்னும் கூர்மையாக வீசுங்கள். காலடி நீளத்தை இழுக்காமல் காலடி எண்ணிக்கையைக் காப்பாற்றுங்கள். 600-இல் 1:36 என்று காதில் விழுந்தால், 32 செகண்ட் வேலை மட்டுமே பாக்கி.

ஓட்டம் முடிந்தபின் நான்கு நேரங்களும் கையில் இருந்தால் என்ன தவறு என்று அவையே காட்டிக்கொடுக்கும். மூன்றாவது 34.5 ஆகவும் கடைசி 31 ஆகவும் வந்தால் சக்தி இருந்தது, கவனம் தூங்கிவிட்டது. மூன்றாவது 33 ஆக நின்று கடைசி 36 ஆனால் இலக்கே கொஞ்சம் பெரிது, அல்லது தாங்கும் சக்திப் பயிற்சி போதவில்லை. மூன்றாவதும் நான்காவதும் படிப்படியாகச் சரிந்தால், குற்றம் பெரும்பாலும் முதல் 200-இல் இருக்கிறது. முதல் 29 வந்திருக்கும், பாருங்கள்.

இந்த வேகத்தைக் காலுக்குப் பழக்க இருக்கும் ஒரு மாதத்தில் வாரம் ஒரு முறை 200 மீட்டர் ஆறு முறை ஓடுங்கள். 31, 32.5, 31, 32.5 என்று மாற்றி மாற்றி. நடுவில் 3 நிமிஷம் நடை. மலையில் இந்த ஓய்வைக் குறைக்காதீர்கள், குறைத்தால் நான்காவதிலேயே வேகம் போய், பழக வேண்டிய ரிதம் பழகாது. வாட்ச்சை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் சொல்லும் முன் நீங்கள் நேரத்தைச் சொல்லுங்கள். அரை செகண்டுக்குள் சரியாகச் சொல்ல வரும்வரை உங்களுக்கு இன்னும் வேகம் தெரியவில்லை என்று அர்த்தம். மீட்டுக்குப் பத்து நாள் முன்னால் ஒரே ஒரு 600 ஓடிப் பாருங்கள்: 31, 63, 1:36. முடிந்ததும் இன்னும் 50 மீட்டர் இதே வேகத்தில் போயிருக்கலாம் என்று தோன்றினால் 2:08 திட்டத்தோடு போங்கள். 600 வருவதற்குள் தொடை இறுகிவிட்டால் அன்றைக்கு 64 – 66, அதாவது 2:10 திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அதுவும் இப்போதைய நேரத்தை விட 2 செகண்ட் குறைவுதான்.

மீட் அன்று காலையில் குளிர் இருக்கும். அழைப்பு வரும்வரை ட்ராக் சூட்டைக் கழற்றாதீர்கள். ஸ்பைக்ஸ் மாட்டியபின் 60 மீட்டர் தூரத்தை மூன்று முறை, 31 வேகத்தில் மட்டும் ஓடிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோட்டில் நிற்கும்போது நினைவில் வைக்க வேண்டிய எண்கள் 31, 63, 1:36. ஹீட்ஸும் இறுதியும் ஒரே நாளில் இருந்தால் இந்த எண்களை இறுதிக்கு வைத்துக்கொண்டு, ஹீட்ஸில் தகுதி பெறும் இடத்துக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். முடிந்ததும் நான்கு 200 நேரங்களையும் இங்கே போடுங்கள், அடுத்த மீட்டுக்கு 63-ஐ நகர்த்துவதா 65-ஐ நகர்த்துவதா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.